14 பேர் வேலை பார்க்கும் கடைக்கு ஒரு லீவு படிவம்

கேள்வி: அப்பா நடத்தும் ஹார்டுவேர், எலக்ட்ரிக்கல் கடையில் 14 பேர் வேலை பார்க்கிறார்கள். ஞாயிறு கடை விடுமுறை. லீவு எல்லாம் வாய்ச்சொல்லிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடுகிறது. மாதக் கடைசியில் ஒவ்வொரு தடவையும் தகராறு. எளிமையான லீவு விண்ணப்பப் படிவம் ஒன்று தயார் செய்ய வேண்டும். என்னென்ன கட்டங்கள் வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், எதை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

உங்களுடைய தகராறு லீவு கேட்கும் நாளில் வரவில்லை, சம்பளம் போடும் நாளில் வருகிறது. அதனால் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அனுமதிக் கடிதம் அல்ல, சம்பளக் கணக்குக்கு ஒரு வவுச்சர். இரண்டு மாதம் கழித்து, அந்த லீவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அந்தத் தாளை மட்டும் கையில் எடுத்து, எத்தனை நாள், எந்தக் கணக்கில், சம்பளத்தோடா இல்லாமலா, யார் சொன்னது என்று சொல்ல முடிய வேண்டும். நான் கோவையில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் சம்பளக் கணக்கு எழுதுபவன், வக்கீல் அல்ல. கீழே சட்டம் என்று குறிப்பிட்டுச் சொல்வதைச் சட்டமாகவும், மற்றதை அனுபவத்தில் சரிப்பட்டு வந்த வழக்கமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். படிவத்தில் எந்த வகை லீவுக்குக் கட்டம் போடுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் உங்களைப் போன்ற கடைக்குப் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 25ஆம் பிரிவு மூன்று வகை லீவைத் தருகிறது. வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே வருடத்துக்கு 12 நாள் வரை தற்செயல் விடுப்பு, 12 நாள் வரை உடல்நலக் குறைவுக்கான விடுப்பு, இரண்டும் சம்பளத்தோடு. தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்த பிறகு, அடுத்த 12 மாதத்தில் இன்னொரு 12 நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. இதைத்தான் நடைமுறையில் ஈட்டிய விடுப்பு என்கிறோம். சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்வது இந்தக் கடைசி வகையை மட்டும்தான், அதுவும் 24 நாள் வரை. இவை போக, 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், பண்டிகைக்கு ஐந்து நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. ஆக வருடத்துக்கு 9 நாள். "எங்கள் கடையில் மாதம் ஒரு லீவு, அவ்வளவுதான்" என்று பல முதலாளிகள் வாய்வழக்கமாகச் சொல்வதும் இந்தச் சட்டமும் ஒன்றல்ல. அப்பா தாராளமாக இன்னும் கூட்டிக் கொடுக்கலாம். குறைத்துப் படிவத்தில் அச்சடித்தால், உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே அச்சடித்த மாதிரி ஆகிவிடும்.

கடையோடு சேர்த்து ஏதாவது தயாரிப்புக் கூடம் இருந்து, அது தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வருமானால் கணக்கு வேறு. அங்கே பழைய தொழிற்சாலைகள் சட்டப்படி 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளைக்கு ஒரு நாள் என்று ஈட்டிய விடுப்பு சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகிவிட்டது. உங்கள் இடம் எதில் வருகிறது என்பதில் சந்தேகம் இருந்தால், படிவம் அச்சுக்குப் போகும் முன் உங்கள் ஆடிட்டரிடமோ தொழிலாளர் ஆய்வாளர் அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் கடையை மனதில் வைத்துத்தான்.

சரி, படிவம். ஏ4 தாளில் பாதி போதும். ஊரில் பில் புக் அடித்துத் தரும் அச்சகத்திலேயே, வரிசை எண் போட்டு, கார்பன் வைத்து எழுதும் இரட்டைப் பிரதிப் புத்தகமாக அடித்து வாங்கிவிடுங்கள். மேல் தாள் ஆபீசுக்கு, அடிப்பிரதி ஊழியருக்கு. வரிசை எண் அச்சடித்தே வர வேண்டும். அப்போதுதான் ஒரு தாள் காணாமல் போனால் உடனே தெரியும். தாளை ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள்: மேல்பாதி ஊழியர் நிரப்புவதற்கு, கீழ்பாதி ஆபீஸ் நிரப்புவதற்கு. எத்தனை நாள் லீவு மீதி இருக்கிறது என்ற கணக்கை ஊழியரே எழுத விடாதீர்கள். அவர் நினைவில் இருப்பதை எழுதுவார், நீங்கள் அவசரத்தில் அதற்கே கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள், அப்புறம் அதுதான் ஆதாரம்.

மேல்பாதியில் பெயர், பணியாளர் எண், எந்தப் பிரிவு, விண்ணப்பம் கொடுக்கும் தேதி ஆகியவை வழக்கமானவை. கவனம் தேவைப்படுவது தேதிக் கட்டங்களில். "எந்த நாள் முதல், எந்த நாள் வரை" என்று மட்டும் கேட்டால், "வரை" என்ற இடத்தில் பாதிப் பேர் லீவின் கடைசி நாளை எழுதுவார்கள், மீதிப் பேர் திரும்பி வரும் நாளை எழுதுவார்கள். ஒரு நாள் சம்பளம் அங்கேயே இடிக்கும். அதனால் மூன்று கட்டம் வையுங்கள்: லீவு தொடங்கும் நாள், லீவின் கடைசி நாள், மீண்டும் வேலைக்கு வரும் நாள். மூன்றாவது கட்டம் தேவையே இல்லாதது போலத் தெரியும். ஆனால் முதல் இரண்டும் சரியா என்று சோதிப்பது அதுதான். கடைசி நாளுக்கு அடுத்த வேலை நாளும், திரும்பி வரும் நாளும் ஒத்துப்போகவில்லை என்றால் ஊழியரைக் கூப்பிட்டு அப்போதே திருத்திவிடலாம். தேதியோடு கிழமையையும் எழுதச் சொல்லுங்கள். தேதியில் விழும் பிழையைக் கிழமை காட்டிக் கொடுக்கும்.

அரை நாள் என்றால் முற்பகலா பிற்பகலா என்று ஒரு சின்னக் கட்டம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கேட்கும் பர்மிஷனை இந்தப் படிவத்துக்குள் கொண்டு வராதீர்கள். பேங்க் போய்வர, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர என்று தினமும் யாராவது கேட்பார்கள். அதற்கெல்லாம் படிவம் கேட்டால் ஒரே மாதத்தில் புத்தகத்தை யாரும் தொடமாட்டார்கள். பர்மிஷனுக்கு பில்லிங் மேசையில் ஒரு நோட்டு, போன நேரம், வந்த நேரம், கையெழுத்து, அவ்வளவு போதும்.

காரணம் என்ற கட்டம் ஒரு வரிக்கு மேல் வேண்டாம். "சொந்த வேலை" என்று எழுதினால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தற்செயல் விடுப்புக்கு நியாயமான காரணம் இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். வீட்டுச் சமாச்சாரம் முழுவதையும் ஒரு தாளில் எழுதி, அது மூன்று பேர் கையில் சுற்றுவதை யாரும் விரும்பமாட்டார்கள், முக்கியமாகப் பெண்கள். கட்டாயப்படுத்தினால் எல்லோரும் "காய்ச்சல்" என்று எழுதப் பழகிவிடுவார்கள். அப்புறம் உங்கள் மருத்துவ விடுப்புக் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். நோயின் பெயரையும் படிவத்தில் கேட்க வேண்டாம். டாக்டர் சான்றிதழ் வாங்கினால் தனி உறையில் போட்டு, படிவத்தில் "சான்றிதழ் பெறப்பட்டது" என்று மட்டும் குறியுங்கள்.

காரணத்தைவிட உங்களுக்கு அதிகம் உதவப்போவது இன்னொரு கட்டம்: "என் வேலையைப் பார்த்துக்கொள்பவர்", பக்கத்தில் அவருடைய கையெழுத்து. 14 பேர் கடையில் ஒருவர் வராததால் எவ்வளவு நெருக்கடி என்பது அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. கவுன்டரில் ஐந்து பேரில் ஒருவர் இல்லையென்றால் சமாளித்துவிடலாம். குடோன் சாவி வைத்திருப்பவரோ, டெலிவரி வண்டி டிரைவரோ இல்லையென்றால் அன்றைக்குச் சரக்கே நகராது. மாற்று ஆளின் கையெழுத்து இருந்தால், லீவு கேட்பவர் முதலாளியிடம் வரும் முன்பே பாதிப் பிரச்சினையைத் தானே தீர்த்துக்கொண்டு வந்துவிடுகிறார். சாவி, ரொக்கம், பாதியில் நிற்கும் ஆர்டர் ஆகியவற்றை ஒப்படைத்தாயிற்றா என்பதையும் அதே வரியில் கேட்டுவிடலாம். ஆனால் ஒன்று: மாற்று ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் லீவு தானாக மறுக்கப்படக் கூடாது. ஆள் ஏற்பாடு செய்வது கடைசியில் கடையின் வேலைதான். அந்தக் கட்டம் காலியாக வந்தால் சூப்பர்வைசர் நிரப்ப வேண்டும்.

கீழ்பாதியில் லீவு வகையை டிக் அடிக்கும் கட்டமாகப் போடாதீர்கள். நான் பார்க்கும் பெரும்பாலான படிவங்களில் இந்தக் கோளாறு இருக்கிறது. ஒரே லீவு இரண்டு கணக்கிலிருந்து போகலாம், அதை டிக் சொல்லாது. அதற்குப் பதிலாகச் சின்ன அட்டவணை ஒன்று: இடது ஓரத்தில் தற்செயல், மருத்துவம், ஈட்டியது, சம்பளமில்லாதது என்று நான்கு வரி. எதிரில் "முன் இருப்பு", "இந்த லீவுக்கு", "மீதி" என்று மூன்று கட்டம். எண்ணை எழுத வேண்டும். அதற்குக் கீழே முடிவு: அனுமதி, தேதி மாற்றி அனுமதி, மறுப்பு. மறுத்தால் காரணம் எழுத ஒரு வரி. கையெழுத்து, தேதி. கடைசியாக இரண்டு சின்னக் கட்டங்கள், "உண்மையில் திரும்பிய நாள்" என்றும் "பதிவேட்டில் ஏற்றியாயிற்று" என்றும்.

ஒரு லீவை முழுதாகப் போட்டுப் பார்த்தால் புரியும். பில்லிங்கில் இருப்பவர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய், இரண்டாம் வருடம். தங்கை கல்யாணத்துக்கு 2026 ஆகஸ்ட் 13 வியாழன் முதல் 17 திங்கள் வரை லீவு, 18 செவ்வாய் வேலைக்கு வருகிறேன் என்று எழுதுகிறார். நாட்காட்டிப்படி இது ஐந்து நாள். ஆனால் 15 சனிக்கிழமை சுதந்திர தினம், 16 ஞாயிறு. இரண்டும் அவருக்கு எப்படியும் கிடைக்கும் விடுமுறை. எனவே லீவு 13, 14, 17 என மூன்று நாள். நடுவில் மாட்டிக்கொண்ட விடுமுறையையும் லீவாக எண்ணும் பழக்கம் சில கடைகளில் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம், லீவுக்கு இடையிலோ ஓரத்திலோ வரும் விடுமுறை நாட்களை லீவில் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. கடைகள் சட்டத்தில் அவ்வளவு வெளிப்படையான வரி கிடையாது, ஆனால் அதே முறையில் எண்ணுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. எப்படி எண்ணப் போகிறீர்கள் என்பதைப் படிவத்தின் அடியில் ஒரு வரியாக அச்சடித்துவிடுங்கள்.

அவர் அதுவரை 10 நாள் தற்செயல் விடுப்பு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முன் இருப்பு 2. ஆகவே தற்செயல் வரியில் 2, 2, 0 என்றும், ஈட்டிய விடுப்பு வரியில் 12, 1, 11 என்றும் எழுதுகிறீர்கள். மூன்று நாளும் சம்பளத்தோடு. இதே ஆள் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தால் ஈட்டிய விடுப்பு கிடையாது, அந்த ஒரு நாள் சம்பளமில்லா லீவு வரிக்குப் போகும். லீவு போகும் முன்பே அவர் கையில் இருக்கும் அடிப்பிரதியில் "சம்பளமில்லாதது 1" என்று எழுதியிருந்தால், மாதக் கடைசியில் பிடித்தம் அவருக்கு அதிர்ச்சியாக இருக்காது. உங்கள் தகராறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான் அடங்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு நாளுக்கு எவ்வளவு பிடிப்பது? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 15,000 ரூபாயை 30ஆல் வகுத்தால் நாளுக்கு 500. 26ஆல் வகுத்தால் சுமார் 577. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், ஆனால் லீவு நாளை எண்ணும் முறையும் வகுக்கும் எண்ணும் ஜோடி சேர வேண்டும். ஞாயிறை விட்டுவிட்டு லீவை எண்ணி, சம்பளத்தை 30ஆல் வகுத்தால் என்ன ஆகும்? அனுமதி இல்லாமல் மாதம் முழுக்க வராத ஒருவருக்கு 26 வேலை நாளும் பிடித்த பிறகும் 13,000 ரூபாய்தான் கழியும், வேலையே பார்க்காமல் 2,000 நிற்கும். எப்போதும் 26 என்று வைத்தால் வேறு பக்கம் இடிக்கும். 2026 ஜூலையில் ஞாயிறு போக 27 நாள். முழுக்க வராதவருக்குப் பிடித்தம் 15,577 வரும், சம்பளத்தைவிட அதிகம். அந்தந்த மாதத்தில் ஞாயிறு போக எத்தனை நாளோ அதாலேயே வகுத்தால் இந்த இரண்டு கோணலும் வராது. ஆகஸ்ட் 2026இல் ஐந்து ஞாயிறு, அது போக 26 நாள், எனவே நம்முடைய ஆளுக்கு 577 ரூபாய். அதே ஆள் 24 வேலை நாள் கொண்ட பிப்ரவரியில் ஒரு நாள் வராவிட்டால் 625. "போன தடவை குறைவாகப் பிடித்தீர்களே" என்று கேட்பார்கள், அதனால் இதையும் படிவத்தின் அடியில் எழுதி வையுங்கள். உங்கள் முறை சரியா என்று பார்க்க எளிய வழி, மாதம் முழுக்க வராத ஒருவருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்பது. நடுவில் சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாள் எதுவும் இல்லாத மாதத்தில் சம்பளம் சரியாகப் பூஜ்யத்தில் வந்து நிற்க வேண்டும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். இரண்டு படி போதும். பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் "ஆள் ஏற்பாடு இருக்கிறது" அல்லது "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். லீவு தருவதா இல்லையா என்பது அவர் வேலை அல்ல. அப்பா முடிவு செய்கிறார். மூன்றாவது கையெழுத்துக்குச் சின்னக் கடையில் இடமில்லை. ஆனால் அப்பா சரக்கு வாங்க வெளியூர் போகும் நாளில் யார் முடிவு செய்வது என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லி வையுங்கள். பல கடைகளில் அந்த நாட்களில்தான் "போனில் கேட்டேன், சரி என்றார்" என்ற கணக்கு உருவாகிறது. விண்ணப்பம் வந்த மறுநாள் கடை மூடுவதற்குள் பதில் தர வேண்டும் என்று ஒரு காலவரம்பும் வேண்டும். பதில் வராத விண்ணப்பத்தை ஊழியர் அனுமதி என்று எடுத்துக்கொள்வார், முதலாளி மறுப்பு என்று எடுத்துக்கொள்வார். இருவரும் நேர்மையாகவே அப்படி நினைப்பார்கள்.

எத்தனை நாள் முன்பே கேட்க வேண்டும்? ஒரு நாள் லீவுக்கு முந்தின நாள், மூன்று நாளுக்கு மேல் என்றால் ஒரு வாரம், இதுவே சின்னக் கடைக்குத் தாராளம். ஒரே பிரிவில் ஒரே நாளில் இருவர் கேட்டால் முதலில் விண்ணப்பம் கொடுத்தவருக்கு என்ற விதி சுலபமானது. முகூர்த்த நாட்களில் மட்டும் அது சிக்கலாகும், ஏனென்றால் கடையில் பாதிப் பேருக்கு அன்றைக்கு ஏதோ ஒரு கல்யாணம் இருக்கும். சொந்த வீட்டுக் கல்யாணத்தையும் நண்பன் கல்யாணத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அங்கே அப்பாவின் தீர்ப்புக்கு இடம் விடுங்கள். மார்ச் 31 சரக்கு இருப்பு எடுக்கும் வாரம் மாதிரி யாரும் போகக் கூடாத நாட்கள் இருந்தால், அவற்றை ஜனவரியிலேயே 9 விடுமுறை நாட்களோடு சேர்த்துப் பட்டியலாக ஒட்டிவிடுங்கள். கேட்கும்போது சொன்னால் அது ஓரவஞ்சனையாகத்தான் தெரியும்.

உடம்பு சரியில்லை, வீட்டில் சாவு என்றால் முன்கூட்டிப் படிவம் என்ற பேச்சே கிடையாது. கடை திறக்கும் முன் ஒரு போன் அல்லது வாட்ஸ்அப், படிவம் திரும்பி வந்த அன்றைக்கு. வாட்ஸ்அப்பைத் தகவலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பதிவுக்கு அல்ல. போன் மாற்றினால், ஆள் குழுவை விட்டு வெளியேறினால், தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சாவுக்கு லீவு எடுப்பவர் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி போவார். அதை முதல் படிவத்திலேயே சேர்க்காமல் இரண்டாவது படிவமாக வாங்கினால் இடையில் வேலை பார்த்த நாட்கள் குழம்பாது. டாக்டர் சான்றிதழைத் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் போனால் மட்டும் கேளுங்கள். ஒரு நாள் காய்ச்சலுக்குச் சான்றிதழ் கேட்டால், அதை வாங்கக் கொடுக்கும் பணம் அவருடைய அன்றைய கூலியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் நீண்ட நாள் படுத்துவிட்டால், நீங்கள் சம்பளம் கொடுக்கும் லீவு நாட்களுக்கு அங்கே உடல்நலக் குறைவுக்கான பணம் கிடைக்காது. எந்த நாள் உங்கள் கணக்கு, எந்த நாள் இ.எஸ்.ஐ. கணக்கு என்று படிவத்தில் பிரித்து எழுதுங்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம் வரை போகக்கூடியது, அதற்கென்று தனி விதிகளும் தனிக் கோப்பும் உண்டு. அதை இந்த அரைத்தாளுக்குள் திணிக்க வேண்டாம்.

மறுத்த படிவங்களைக் கிழித்துப் போடும் பழக்கம் நிறையப் பேரிடம் உண்டு. அவற்றைத்தான் பத்திரமாக வைக்க வேண்டும். ஈட்டிய விடுப்பைக் கேட்டு, மறுக்கப்பட்டு, அது கிடைக்காமலேயே ஒருவர் வேலையை விட்டுப் போனால், அந்த நாட்களுக்கான பணத்தை முதலாளி கொடுக்க வேண்டும் என்று அதே 25ஆம் பிரிவு சொல்கிறது. விடுப்பு கொடுப்பதற்கு முன் நீங்களாகவே ஒருவரை நிறுத்தினாலும் அப்படித்தான். ஆகவே மறுப்பு என்பது முடிந்துபோன விஷயம் அல்ல, அந்த நாட்கள் இன்னும் உங்கள் பாக்கியில் இருக்கின்றன என்பதன் பதிவு. மறுக்கும்போது "வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், வேறு எந்தத் தேதியில் தர முடியும் என்றும் எழுதினால் இருவருக்கும் நல்லது. ரத்து செய்யும் லீவுக்கும் இதே கதை. படிவத்தின் குறுக்கே "ரத்து" என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டு, பதிவேட்டில் அந்த நாட்களைத் திருப்பி வரவு வையுங்கள்.

பதிவேடு ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, படிவ எண், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எத்தனை நாள், மூன்று வகைக்கும் மீதி. மற்றதெல்லாம் படிவத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வைப்பதானால் எக்செல் அல்லது கூகுள் ஷீட் போதும், சாஃப்ட்வேர் வாங்க வேண்டாம். தொடங்கும் நாள் B2விலும் கடைசி நாள் C2விலும் இருந்து, 9 விடுமுறை நாட்களை H2 முதல் H10 வரை எழுதி வைத்தால், இந்தச் சூத்திரம் நாட்களை எண்ணிவிடும்:

```
=NETWORKDAYS.INTL(B2,C2,11,$H$2:$H$10)
```

11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்று பொருள். மேலே சொன்ன 13 முதல் 17 வரை கொடுத்துப் பாருங்கள், 3 என்று வர வேண்டும். 4 என்று வந்தால் ஆகஸ்ட் 15 பட்டியலில் இல்லை, அல்லது தவறாகப் பதிவாகியிருக்கிறது. கூகுள் ஷீட்டில் `File → Settings → Locale` என்ற இடத்தில் இந்தியா என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 08/09 என்று நீங்கள் எழுதும் செப்டம்பர் 8ஐ அது ஆகஸ்ட் 9 என்று எடுத்துக்கொள்ளும், எந்தப் பிழையும் காட்டாது. படிவத்தையும் கூகுள் ஃபார்ம் ஆக்கலாமா என்றால், ஆக்கலாம், ஆனால் குடோனில் மூட்டை தூக்குபவர் அதை நிரப்பமாட்டார். வேறு யாரோ அவருக்காக நிரப்புவார்கள், அவருடைய கையெழுத்து அங்கே இல்லை. 14 பேருக்குக் காகிதமே என் தேர்வு.

சம்பளம் போடும் முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். வருகைப் பதிவேட்டில் அந்த மாதம் ஒருவர் வராத வேலை நாட்களை எண்ணுங்கள். அவருடைய படிவங்களில் உள்ள லீவு நாட்களைக் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் அதிகம் என்றால் ஒரு படிவம் வரவில்லை, அவரைக் கேட்டு வாங்குங்கள். படிவத்தில் அதிகம் என்றால் அவர் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு முன்னதாகவே வேலைக்கு வந்துவிட்டார், "உண்மையில் திரும்பிய நாள்" கட்டத்தை யாரும் நிரப்பவில்லை. 14 பேருக்கு இது அரை மணி நேர வேலை. மாதக் கடைசியில் செய்யாமல் 25ஆம் தேதி வாக்கில் செய்தால், சம்பளத்துக்கு முன் பேசித் தீர்க்க நாள் இருக்கும்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று கேட்டீர்கள். ஆள் வேலையில் இருக்கும்வரை அவருடைய பதிவேட்டுப் பக்கத்தையும், படிவங்களைக் குறைந்தது மூன்று வருடமும், வேலையை விட்ட பிறகு இரண்டையும் இன்னொரு மூன்று வருடமும் வைத்திருங்கள். இது நான் கடைகளுக்குச் சொல்லும் அளவு, சட்டத்தின் வாசகம் அல்ல. ஆய்வுக்கு வருபவர் கேட்கும் பதிவேடுகளின் வடிவத்தையும் காலத்தையும் உங்கள் ஆடிட்டரிடம் தனியாக உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொடங்கும்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் மீதி என்பதில் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே எண் இருக்காது. பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்கள் கணக்கெடுத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட எண்ணைப் பதிவேட்டின் முதல் வரியாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் வந்தால் ஊழியர் சொல்வதையே ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள் அப்பாவை. உங்களிடம் ஆதாரம் இல்லாத காலத்துக் கணக்கு அது. 14 கையெழுத்தும் வாங்கி முடித்த பிறகு, ஒரு மாதத்தின் முதல் தேதியிலிருந்து படிவப் புத்தகத்தை எடுங்கள்.